வார இறுதிப் பட்டப்படிப்புக்குக் கட்டும் காசு சம்பளத்தில் திரும்பி வருமா? கணக்குப் போடும் முறை

கொழும்பில் வேலை செய்துகொண்டே சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் எடுப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. உதாரணம் கணக்குத் துறையிலிருந்து வருகிறது. வேறு துறையானால் தொகைகள் மாறும், கணக்குப் போடும் வரிசை மாறாது.

வரிசையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலானோர் முதலில் "படித்து முடித்தால் எவ்வளவு சம்பளம்" என்று கேட்கிறார்கள். அந்தத் தொகை மனதில் பதிந்துவிட்டால் செலவு எதுவும் பெரிதாகத் தெரியாது. அதனால் செலவிலிருந்து தொடங்குங்கள்.

## 1. உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று மாதச் சம்பளப் பட்டியல், கல்வி நிறுவனத்தின் கட்டண விபரம் எழுத்தில், வங்கியின் இன்றைய நாணய விற்பனை விலை, ஒரு வருட நிலையான வைப்புக்கு வங்கி தரும் வட்டி. இவற்றோடு எக்ஸல் அல்லது கூகுள் ஷீட்ஸ்.

கட்டண விபரத்தை வாய்மொழியாக வாங்க வேண்டாம். பதிவுக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம், மறுபரீட்சைக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் ஆகிய நான்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கையேட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும் தொகை பெரும்பாலும் உள்ளூர் வகுப்புக் கட்டணம் மட்டும்தான்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பட்டம் தரும் பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியல்களில் இருக்கிறதா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகமானால் பொதுநலவாயப் பல்கலைக்கழகச் சங்கத்தின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ அதன் பெயர் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது பட்டம் தரும் நிறுவனத்தை. வகுப்பு நடத்தும் உள்ளூர் கம்பஸின் பெயர் இந்த இடத்தில் உதவாது. பெயர் இல்லையென்றால் அரச வேலைக்கும் இங்கே முதுமாணி படிப்பதற்கும் அந்தச் சான்றிதழ் தடையாகும். அப்படியானால் கீழே உள்ள வருமானப் பகுதியை அந்த வழிகள் இல்லாமல்தான் போட வேண்டும்.

## 2. முழுச் செலவையும் வருடவாரியாகப் பிரியுங்கள்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 25, வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். சம்பளம் 80,000 ரூபா. இரண்டு வருட வார இறுதிப் படிப்பு. கையேட்டில் உள்ள கட்டணம் 6.5 இலட்சம். அதற்கு வெளியே 1,250 பிரித்தானிய பவுண் இரண்டாம் வருடத்தில் கட்ட வேண்டும். இவை அனைத்தும் கணக்கை விளக்க எடுத்த தொகைகள். உங்கள் கட்டண விபரத்தைப் பார்த்து அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தால் அந்தத் தொகை 5 இலட்சம். ஆனால் கட்டப்போவது இன்றைக்கு அல்ல, ஒரு வருடம் கழித்து. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்கு மிச்சக் கட்டணம் ரூபாவில் ஒரேயடியாக ஏறியது. அப்படியான ஆண்டுக்கு யாரும் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. ஆனால் 10% கூட்டி வைப்பது சாதாரண ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். ஆகவே 5.5 இலட்சம் என்று எழுதுங்கள். இணையத்தில் தேடினால் வரும் நாணய விலையை எடுக்காதீர்கள். நீங்கள் கட்டுவது வங்கியின் விற்பனை விலையில், அது எப்போதும் கூட.

அடுத்தது பஸ், முச்சக்கரவண்டி, மதியச் சாப்பாடு, போட்டோகொப்பி. வருடத்துக்கு 90 வகுப்பு நாள், நாளுக்கு 600 ரூபா என்றால் 54,000. வீட்டு வாடகையையும் வீட்டுச் சாப்பாட்டையும் இதில் சேர்க்க வேண்டாம். படிக்காவிட்டாலும் அந்தச் செலவு இருக்கத்தான் போகிறது.

எல்லோரும் விட்டுவிடுவது இழந்த வருமானத்தை. இவர் சனிக்கிழமை ஓ.டி. செய்து மாதம் 8,000 ரூபா எடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பு தொடங்கினால் அது நிற்கும். வருடத்துக்கு 96,000. ஓய்வுக்கும் குடும்பத்துக்கும் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமையைக் காசாக மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் உண்மையில் உழைத்திருக்கப் போவதில்லையென்றால் அதை ஒரு குறிப்பாக மட்டும் எழுதி வையுங்கள்.

ஒரு பாடத்தையாவது மீண்டும் எழுத வேண்டி வரும் என்று 40,000 போடுங்கள். வேலை செய்துகொண்டு படிப்பவருக்கு இது அவநம்பிக்கை அல்ல. மாத முடிவில் கணக்கு மூடும் நாட்களும் பரீட்சை நாட்களும் ஒன்றோடொன்று மோதும்.

இப்போது கூட்டினால் முதல் வருடம் 4.75 இலட்சம்: வகுப்புக் கட்டணத்தில் பாதி 3.25 இலட்சம், பயணமும் சாப்பாடும் 54,000, இழந்த ஓ.டி. 96,000. இரண்டாம் வருடத்தில் இதே 4.75 இலட்சத்தோடு வெளிநாட்டுக் கட்டணம் 5.5 இலட்சமும் மறுபரீட்சை 40,000மும் சேர்ந்து 10.65 இலட்சம். மொத்தம் 15.4 இலட்சம். கையேடு சொன்னது 6.5 இலட்சம்.

## 3. படிக்காவிட்டால் சம்பளம் எங்கே போய் நிற்கும்?

கணக்கு பிழைக்கும் முக்கியமான இடம் இது. பலர் படித்த பிறகு வரும் 120,000இலிருந்து இன்றைய 80,000ஐக் கழித்து, மாதம் 40,000 லாபம் என்று எழுதுகிறார்கள். ஆனால் படிக்காதவரின் சம்பளமும் இரண்டு வருடம் அப்படியே நிற்பதில்லை. வருடம் 8% ஏறினால் 80,000 இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 93,000 ஆகும். படிப்பால் வந்தது 27,000 மட்டும். மிச்சம் 13,000 அனுபவத்தால் வந்தது, அது எப்படியும் வந்திருக்கும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதே இரண்டு வருடத்தில் பட்டம் இல்லாமல் வேறு நிறுவனத்துக்கு மாறினால் எவ்வளவு கிடைக்கும்? ஒப்பிட வேண்டியது இதே கதிரையில் இருப்பதோடு அல்ல, படிக்காமல் நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலையோடு. பட்டம் எடுத்தவர்களின் சம்பள உயர்வில் ஒரு பெரிய பங்கு, பட்டம் கிடைத்ததும் நிறுவனம் மாறியதால் வந்தது. மாறுவதற்குப் பட்டம் உண்மையில் தேவைப்பட்டதா என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

## 4. படித்தால் வரும் சம்பளத்தை எங்கே விசாரிப்பது?

கல்வி நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் அல்ல. அங்கே காட்டப்படும் பட்டதாரிகள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்.

`topjobs.lk` இலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் உங்கள் அடுத்த பதவிக்கு வரும் 20 விளம்பரங்களை எடுங்கள். இன்றைய பதவியை அல்ல, படித்து முடித்ததும் விண்ணப்பிக்கப் போகும் பதவியை. ஒவ்வொன்றிலும் தகுதி என்று என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள். கணக்குத் துறையில் பல விளம்பரங்கள் பட்டத்தைக் கேட்பதில்லை. சி.ஏ., சிமா அல்லது ஏ.சி.சி.ஏ.யில் ஒரு பகுதி முடித்திருந்தால் போதும் என்றும், இத்தனை வருட அனுபவம் வேண்டும் என்றும் கேட்பார்கள். உங்கள் 20இல் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்பவை நான்கோ ஐந்தோதான் என்றால், நீங்கள் வாங்கப் போவது அந்த வேலைக்குரிய சாவி அல்ல. இந்தப் படிப்பை நிறுத்திவிட்டு அந்தத் தொழில்சார் பரீட்சைகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விளம்பரங்களில் சம்பளம் அரிதாகத்தான் இருக்கும். அதற்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். அதே படிப்பை இரண்டு, மூன்று வருடத்துக்கு முன் முடித்த ஐந்து பேரைத் தேடுங்கள். "அண்ணா, உங்கட சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தப் பட்டத்தோட, நாலு வருட அனுபவத்தோட போற ஒருத்தருக்கு இப்ப எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். ஐந்து பதில்களையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். சராசரி எடுத்தால், டுபாய்க்குப் போன ஒருவரின் சம்பளம் மற்ற நால்வரையும் மறைத்துவிடும். வெளிநாடு போவதற்காகவே படிக்கிறீர்கள் என்றால் அது தனிக் கணக்கு, விசா, பயணச் செலவோடு வேறு தாளில் போட வேண்டியது.

நம் உதாரணத்தில் நடுத் தொகை 120,000 என்று கொள்வோம்.

## 5. வித்தியாசத்தைக் கையில் வரும் காசாக மாற்றுங்கள்

மொத்த வித்தியாசம் 27,000. இதில் ஈ.பி.எப். 8% கழிந்து 24,840, ஏறத்தாழ 25,000 கையில் வரும். தொழில் வழங்குநர் போடும் 12% ஈ.பி.எப்., 3% ஈ.ரி.எப். இரண்டும் உங்களுடையவைதான். ஆனால் ஈ.பி.எப். பெரும்பாலும் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். பத்து வருடக் கணக்கில் அதைச் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு.

2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. நம் உதாரணம் அந்த எல்லைக்குள் நிற்கிறது. உங்கள் எதிர்பார்ப்பு அதைத் தாண்டினால், தாண்டும் பகுதியில் வருடத்துக்கு முதல் 10 இலட்சத்துக்கு 6%, அடுத்த 5 இலட்சத்துக்கு 18% என்று வரி ஏறும். 18% படிக்குள் போகும் சம்பள உயர்வை அப்படியே லாபமாக எழுதினால் கணக்கு நன்றாகவே வீங்கிவிடும்.

## 6. பத்து வருடத்தை ஒரு நிரலில் எழுதுங்கள்

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் சம்பளம் ஏறாது. முடிவுகள் வர வேண்டும், சான்றிதழ் வர வேண்டும், வேலை தேட வேண்டும், ஒரு மாத அறிவித்தல் கொடுத்து விலக வேண்டும். ஆகவே மூன்றாம் வருடத்தில் ஆறு மாத வித்தியாசத்தை மட்டும், அதாவது 1.5 இலட்சத்தை எழுதுங்கள். நான்காம் வருடத்திலிருந்து முழு வருடம், 3 இலட்சத்தோடு 5% ஏற்றம். பத்து வருடத்தோடு நிறுத்துவதற்குக் காரணம், அதற்குப் பிறகு உங்கள் சம்பளத்தைத் தீர்மானிப்பது பட்டத்தைவிட நீங்கள் செய்த வேலை.

ஏழு வருடம் கழித்து வரும் ஒரு இலட்சமும் இன்று கட்டும் ஒரு இலட்சமும் ஒன்றல்ல. கட்டும் காசை வங்கியில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். அதனால் ஒவ்வொரு வருடத்தின் தொகையையும் ஒரு வட்டி வீதத்தால் கழித்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர வேண்டும். நிலையான வைப்பு வட்டியோடு இரண்டு வீதம் கூட்டுவது நியாயம், ஏனென்றால் வைப்பில் இல்லாத ஆபத்து படிப்பில் இருக்கிறது. இங்கே 10% எடுக்கிறோம். ஷீட்டில் B2 முதல் B11 வரை இந்தத் தொகைகள், அதற்குக் கீழே சூத்திரம்:

```
-475000
-1065000
150000
315000
331000
347000
365000
383000
402000
422000
=NPV(0.10,B2:B11)
```

விடை 116,000 ரூபா அளவில் வரும். இன்றைய பெறுமதியில் நிகர லாபம் இதுதான். வட்டியைப் பார்க்காமல் கூட்டிக் கழித்தால் எட்டாம் வருடத் தொடக்கத்தில் போட்ட காசு திரும்புகிறது. வட்டியோடு பார்த்தால் பத்தாம் வருடத்தில்தான். பத்து வருடத்துக்கு ஒரு இலட்சத்துச் சொச்சம் என்பது மிக மெல்லிய லாபம். ஏதாவது ஒரு தொகை சற்று அசைந்தாலும் அது மறையும்.

## 7. எது அசைந்தால் கணக்கு கவிழும் என்று பாருங்கள்

முதலில் கடன். சேமிப்பிலிருந்து கட்டாமல் வருடம் 14% வட்டிக்குக் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டினால், சூத்திரத்தில் 0.10க்குப் பதிலாக 0.14 போடுங்கள். விடை ஏறத்தாழ ஒரு இலட்சம் நட்டமாக மாறும். கடன் வட்டியைச் செலவு நிரலிலும் சேர்த்து, சூத்திரத்திலும் போடாதீர்கள். அது ஒரே வட்டியை இரண்டு முறை எண்ணுவது. புதிதாகப் போடுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

அடுத்தது மூன்றாம் பகுதியில் கேட்ட கேள்வி. பட்டம் இல்லாமலே நிறுவனம் மாறி 105,000 வாங்க முடியுமென்றால் வித்தியாசம் 15,000, கையில் 13,800. அப்போது பத்து வருட முடிவில் 5.2 இலட்சம் நட்டம். இந்த ஒரு விடையே பலருடைய தீர்மானத்தை மாற்றியிருக்க வேண்டியது.

மூன்றாவது, முடிக்காமல் விடுவது. நான்கில் ஒருவர் முதல் வருடக் காசைக் கட்டியபின் நிறுத்துகிறார் என்று வைத்தால், 75% வாய்ப்புக்கு 1.16 இலட்சம் லாபம், 25% வாய்ப்புக்கு முதல் வருடத்து 4.75 இலட்சத்தின் இன்றைய பெறுமதியான 4.32 இலட்சம் நட்டம். சேர்த்துப் பார்த்தால் 20,000 ரூபா நட்டப் பக்கம். நிறுவனத்திடம் "சித்தி வீதம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். பரீட்சைக்கு இருந்தவர்களில் எத்தனை பேர் சித்தி என்றுதான் பதில் வரும். "இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்த அணியில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் பட்டம் வாங்கினார்கள்" என்று கேளுங்கள். இடையில் நின்றவர்கள் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் தெரிவார்கள்.

## 8. கணக்கைத் திருப்பிப் போட்டு, தேவைப்படும் சம்பளத்தைக் கண்டுபிடியுங்கள்

"லாபமா நட்டமா" என்பதைவிடப் பயனுள்ள விடை இது. வித்தியாசத் தொகையை ஏற்றி இறக்கி, NPV பூச்சியமாகும் இடத்தைப் பாருங்கள். நம் உதாரணத்தில் நிச்சயம் முடிப்பார் என்றால் மாதம் 25,000 மொத்த வித்தியாசம் வேண்டும். நான்கில் ஒரு பங்கு நிற்கும் ஆபத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 27,700. படிக்காவிட்டாலும் வரும் 93,000த்தோடு இதைக் கூட்டினால், படித்து முடித்து ஆறு மாதத்தில் ஏறத்தாழ 121,000 ரூபாவுக்கு வேலை கிடைக்க வேண்டும்.

இப்போது நான்காம் பகுதியில் விசாரித்த ஐந்து பேரின் பதில்களுக்குத் திரும்புங்கள். அவர்களில் எத்தனை பேர் 121,000ஐத் தாண்டினார்கள்? மூன்று பேருக்குக் குறைவு என்றால் இந்தக் கட்டணத்தில் இந்தப் படிப்பு வேண்டாம். நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம், அரச பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்கள் ஆகியவற்றின் கட்டணத்தைப் போட்டு இதே ஷீட்டை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கே காலம் நீளும், ஆனால் பவுண் கட்டணம் இல்லை.

உங்கள் நிறுவனம் பாதிக் கட்டணம் தருவதாகச் சொன்னால் செலவு நிரல் நன்றாகக் குறையும். ஆனால் அதற்குப் பதிலாக வரும் பொண்டை வாசியுங்கள். படித்து முடித்து இரண்டு வருடம் விலகக் கூடாது என்றிருந்தால், நிறுவனம் மாறுவதால் வரும் உயர்வு அந்த இரண்டு வருடமும் வராது. மூன்றாம், நான்காம் வருடத் தொகைகளைக் குறைத்து எழுதிவிட்டுப் பாருங்கள்.

## 9. முதல் வருடம் முடிந்ததும் புதிதாகப் போடுங்கள்

இரண்டாம் கணக்கில் ஏற்கனவே கட்டிய 4.75 இலட்சம் வரக் கூடாது. தொடர்ந்தாலும் நின்றாலும் அது போன காசு. "இவ்வளவு கட்டியாச்சு" என்பதற்காகத் தொடர்பவர்களும் உண்டு, நல்ல நிலையில் இருந்தும் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டுமே பிழை.

அந்த நாளிலிருந்து பார்த்தால் மிச்சச் செலவு இன்றைய பெறுமதியில் 9.7 இலட்சம், வரப்போவது 15.7 இலட்சம். முதலில் மெல்லியதாக இருந்த லாபம் இப்போது 6 இலட்சம். ஆனால் இரண்டாம் வருடக் காசையும் கட்டிவிட்டு முடிக்காமல் போனால் 9.7 இலட்சமும் போகும். இந்த 9.7ஐ வரப்போகும் 15.7ஆல் வகுத்தால், முடிப்பதற்கான வாய்ப்பு 62%க்கு மேல் இருந்தால் மட்டும் தொடர்வது சரி.

அந்த வாய்ப்பை மனம் போனபடி போடாதீர்கள், முதல் வருட முடிவுகளைப் பார்த்துப் போடுங்கள். எல்லாப் பாடமும் முதல் தடவையிலேயே சித்தி என்றால் தாராளமாகத் தொடரலாம். இரண்டு பாடம் மறுபரீட்சையில் நிற்கிறது, அலுவலகத்தில் வேலையும் கூடியிருக்கிறது என்றால், பவுண் கட்டணத்தைக் கட்டுமுன் ஒரு தவணை ஒத்திவைக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஒத்திவைக்கும் ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் 1.5 இலட்சத்து வருமானம் பின்தள்ளப்படும். கட்டிய பின் நின்றால் போவதோ அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல். ஆகவே மறுபரீட்சை முடிவு கைக்கு வரும்வரை அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள், கடைசித் திகதி எதுவென்று முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள்.